அம்மாபேட்டை வீட்டில் பன்னிரண்டரைக்கே நின்றுபோன ஃபேன்: இன்வெர்ட்டர் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்கிடும் முழு வழி

சேலம் அம்மாபேட்டையில் என் அத்தை வீடு, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிய நீள வீடு. நடுக்கட்டில் பட்டப்பகலிலும் லைட் போடாமல் நெல் அரிசியில் கல் பொறுக்க முடியாது. போன சித்திரையில் ஒரு நாள், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை கரண்ட் இருக்காது என்று முதல் நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள். அத்தை கவலைப்படவில்லை. மூன்றரை வருடத்துக்கு முன்பு வாங்கிய 150 ஏ.ஹெச். ட்யூபுலர் பேட்டரி இருக்கிறது, எட்டு மணி நேரம் தாங்கும் என்று வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொண்டார். பன்னிரண்டரைக்கு இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. மாமாவுக்கு எழுபத்தி நான்கு வயது, வெயில் ஒத்துக்கொள்ளாது. “கண்ணு, எட்டு மணி நேரம்னு சொன்னாங்களே, மூன்றரை மணி நேரத்துல அணைஞ்சு போச்சு. பேட்டரி செத்துப் போச்சா?” என்று அத்தை போன் செய்தார்.

பேட்டரி சாகவில்லை. ஆனால் எட்டு மணி நேரம் என்ற கணக்கும் அந்த வீட்டுக்கு எப்போதுமே பொருந்தியதில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் என்ன செய்தேன் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் உங்கள் வீட்டுக்கும் அப்படியே போடலாம். ஒரு கால்குலேட்டரும், விநாடி காட்டும் கடிகாரமும், பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஒரு ஹைட்ரோமீட்டரும் போதும்.

முதலில், பலரும் போடும் தவறான கணக்கு

12 வோல்ட், 150 ஏ.ஹெச்., அதாவது 150 ஆம்பியர் மணி. இரண்டையும் பெருக்கினால் 1800. வீட்டில் ஓடுவது 75 வாட் ஃபேன் இரண்டு, 20 வாட் எல்.இ.டி. ட்யூப் ஒன்று, 9 வாட் பல்பு ஒன்று, 10 வாட் வைஃபை ரௌட்டர் ஒன்று. மொத்தம் 189 வாட். 1800-ஐ 189-ஆல் வகுத்தால் ஒன்பதரை மணி நேரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கு நான்கு இடத்தில் கை நழுவுகிறது. 189 வாட் என்பது நாம் நினைத்துக்கொண்ட லோடு, உண்மையில் ஓடுவது வேறாக இருக்கலாம். இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். பேட்டரியில் எழுதியிருக்கும் 150 என்பது மெதுவாக இழுத்தால் மட்டும் கிடைப்பது. கடைசியாக, மூன்றரை வருடப் பேட்டரி புதுப் பேட்டரி இல்லை. இந்த நான்கையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே வந்தால் உண்மையான நேரம் கையில் கிடைத்துவிடும்.

படி 1: உண்மையில் எத்தனை வாட் ஓடுகிறது என்று மீட்டரிடம் கேளுங்கள்

பொருள்களின் மேல் எழுதியிருக்கும் வாட்டைக் கூட்டுவதோடு நிறுத்திவிடக் கூடாது. வீட்டு வாசலில் இருக்கும் மின் மீட்டரே நல்ல அளவுகோல். டிஜிட்டல் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று விட்டு விட்டுச் சிமிட்டும். அதன் பக்கத்தில் `3200 imp/kWh` என்றோ `1600 imp/kWh` என்றோ அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் ஓடுவதற்குள் எத்தனை முறை சிமிட்டும் என்பதுதான் அந்த எண்.

கரண்ட் இருக்கும்போதே இதைச் செய்யலாம். ஃபிரிட்ஜ், மோட்டார், கீசர் என்று இன்வெர்ட்டர் லைனில் இல்லாத எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இன்வெர்ட்டரின் பின்பக்கம் பைபாஸ் ஸ்விட்ச் இருந்தால் அதைப் பைபாஸில் போட்டு, இன்வெர்ட்டரின் சொந்த ஸ்விட்சையும் அணைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பேட்டரி சார்ஜ் ஆகும் கரண்டும் சேர்ந்து மீட்டரில் ஓடிக் கணக்கைக் குழப்பும். பைபாஸ் இல்லாத இன்வெர்ட்டர் என்றால் பேட்டரி முழுக்க ஏறிய பிறகு பாருங்கள். லோடு எதுவும் போடாமல் ஒரு தடவை, எல்லாவற்றையும் போட்டு ஒரு தடவை என்று இரண்டு முறை வாட்டைக் கணக்கிட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, கரண்ட் போனால் வழக்கமாக எவையெல்லாம் ஓடுமோ அவற்றைப் போட்டுவிட்டு மீட்டர் முன்னால் நில்லுங்கள். ஒரு சிமிட்டலில் கடிகாரத்தைத் தொடங்கி, அதன் பிறகு பத்தாவது சிமிட்டலில் நிறுத்துங்கள்.

```
வாட் = 36000000 ÷ (imp எண் × 10 சிமிட்டலுக்கு ஆன விநாடி)
```

அத்தை வீட்டு மீட்டர் 3200. நம் பட்டியலின்படி 189 வாட் என்றால் பத்துச் சிமிட்டலுக்கு ஏறக்குறைய 60 விநாடி ஆகியிருக்க வேண்டும். எனக்கு வந்தது 46 விநாடி. சந்தேகத்தோடு மறுபடி எண்ணினேன், அதேதான். 46 விநாடி என்றால் 245 வாட். பட்டியலில் இல்லாத 56 வாட் எங்கிருந்து வந்தது?

“அத்தை, வேற ஏதாச்சும் ஓடுதா?”

“ஒண்ணும் இல்ல கண்ணு. நீ சொன்னதுதான் ஓடுது.”

ஒவ்வொரு அறையாக நடந்து பார்த்தேன். பின்கட்டில், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போகும் இருட்டு நடையில், பழைய 40 வாட் ட்யூப் லைட் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கனமான செம்புக்கம்பி சோக் வைத்த பட்டி அது. ட்யூப் 40 வாட் என்றாலும் அந்த சோக் சூடாவதற்கே பத்துப் பதினைந்து வாட் தனியாகப் போய்விடும். காலையில் போட்டால் இரவுதான் அணைப்பார்கள். அது இருப்பதே யாருக்கும் நினைவில் இல்லை. அதை அணைத்துவிட்டு மீட்டரை எண்ணினேன். பத்துச் சிமிட்டல், 60 விநாடி.

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். வயரிங் செய்தவர் எந்தெந்தப் பாயின்ட்டை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்தார் என்பது வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கும். செட்-டாப் பாக்ஸ், பழைய சோக் லைட், பூஜை அறை சீரியல் பல்பு எல்லாம் இப்படித்தான் ஒளிந்திருக்கும்.

ஃபேன் ரெகுலேட்டர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் இழுக்கும். இப்போது வரும் சின்ன ரெகுலேட்டரில் மூன்றாம் எண்ணில் வைத்தால் லோடு நன்றாகவே குறையும். ஆனால் கைப்பெட்டி அளவில் இருக்கும் பழைய ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் மிச்சமாவது கொஞ்சம்தான், ஒரு பகுதி பெட்டிக்குள்ளேயே சூடாகப் போய்விடும். அரை மணி நேரம் ஓடிய பிறகு பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். எது எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பதையும் அதே சிமிட்டலை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்.

படி 2: வாட்டிலிருந்து, பேட்டரி கொடுக்க வேண்டிய ஆம்பியர்

இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக மாற்றும்போது ஒரு பங்கு சூடாகப் போகும். வீட்டு இன்வெர்ட்டருக்கு 85 சதவீதம் தேறும் என்று வைத்துக்கொள்வது நியாயம். அது தவிர, ஒரு பல்புகூட எரியாவிட்டாலும் இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்கே 10 முதல் 20 வாட் எடுக்கும். நான் 15 என்று எடுத்துக்கொள்கிறேன்.

```
ஆம்பியர் = (வாட் ÷ 0.85 + 15) ÷ 12
```

189 வாட்டுக்குப் போட்டால் 19.8 ஆம்பியர் வரும். அன்றைக்கு உண்மையில் ஓடிய 245 வாட்டுக்கு 25 ஆம்பியர். இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்த 24 வோல்ட் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் 12-க்குப் பதிலாக 24-ஆல் வகுக்க வேண்டும். அப்போது ஏ.ஹெச். 150-ஆகவேதான் இருக்கும், 300 ஆகாது. வோல்ட்டையும் இரட்டிப்பாக்கி ஏ.ஹெச்.சையும் இரட்டிப்பாக்கி, நான்கு மடங்கு நேரம் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: அந்த ஆம்பியரில் பேட்டரி எவ்வளவு தரும்

பேட்டரியின் பக்கவாட்டில் `150 Ah` என்பதற்குப் பக்கத்திலேயே `C20` என்று இருக்கும். 20 மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்தால் 150 கிடைக்கும் என்று அதற்குப் பொருள். அதாவது 7.5 ஆம்பியராக, 27 டிகிரி வெப்பத்தில், வோல்ட் 10.5-க்கு இறங்கும் வரை. அதைவிட வேகமாக இழுத்தால் 150 கிடைக்காது. ஈயத் தகட்டின் உள்பக்கத்துக்கு ஆசிட் ஊறிச் சேர்வதற்குள் மேல்பக்கம் தீர்ந்துபோய் வோல்ட் சரிந்துவிடும். ஈரத்துணியை அவசரமாகப் பிழிந்தால் உள்ளே கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடுகிற மாதிரிதான்.

ட்யூபுலர் பேட்டரிக்கு நான் வைத்திருக்கும் அளவு இது. 150 ஏ.ஹெச். புதுப் பேட்டரியில் 10 ஆம்பியர் இழுத்தால் 141 வரை கிடைக்கும். 15 ஆம்பியரில் 130, 20 ஆம்பியரில் 123, 25 ஆம்பியரில் 118, 30 ஆம்பியரில் 114. இடையில் வரும் எண்களுக்கு நடுவாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு கூடக்குறைய இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. பேட்டரியில் `C10` என்று போட்டிருந்தால், சோலாருக்கென்று விற்பவை பெரும்பாலும் அப்படித்தான், அதே 150-க்கு இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கும். அது 15 ஆம்பியரிலேயே 150 கொடுக்க வேண்டிய பேட்டரி.

அத்தையின் பேட்டரி புதிதாக இருந்தபோது 19.8 ஆம்பியரில் ஏறக்குறைய 123 ஏ.ஹெச். கொடுத்திருக்கும். 123-ஐ 19.8-ஆல் வகுத்தால் 6 மணி 13 நிமிடம். பெட்டியிலிருந்து எடுத்த அன்றைக்கே அந்த லோடுக்கு எட்டு மணி நேரம் வந்திருக்காது.

படி 4: பழைய பேட்டரியின் உண்மையான தெம்பு

இந்த இடத்தில் ஊகம் உதவாது. மூன்று வருடம் ஆனால் இவ்வளவு, ஐந்து வருடம் ஆனால் இவ்வளவு என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், ஆனால் ஒரே நாளில் வாங்கிய இரண்டு பேட்டரிகூட ஒரே மாதிரி தேய்வதில்லை. நம் ஊர் வெயிலில் மொட்டை மாடிப் படிக்கட்டின் கீழ் அனலில் இருக்கும் பேட்டரியும், காற்றோட்டமான மூலையில் இருக்கும் பேட்டரியும் வேறு வேறு வேகத்தில் வயதாகும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது ஈய பேட்டரிக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு. ஆகவே ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். கை மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஒரு வெள்ளி வளையல் பட்டால் போதும், சதையோடு ஒட்டும் அளவுக்குப் பழுத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் ஊதுபத்திகூட வேண்டாம். ஆறு செல்லின் மிதவையும் மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் குடிக்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதில் கரைந்திருக்கும் உப்பு தகட்டைக் கெடுக்கும். ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம்.

பிறகு ஒரு இரவு முழுக்க, முடிந்தால் கரண்ட் போகாத ஒரு முழு நாள், சார்ஜ் ஏற விடுங்கள். மறுநாள் ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு கிராவிட்டி பாருங்கள். இன்வெர்ட்டர் ட்யூபுலர் பேட்டரி பலவற்றில் முழு சார்ஜில் 1240 பக்கம் காட்டும். உங்கள் பேட்டரியோடு வந்த அட்டையில் வேறு எண் இருந்தால் அதையே நம்புங்கள். முக்கியமானது ஆறும் ஒன்றுபோல் இருப்பது. ஐந்து செல் 1240 காட்டி ஒன்று மட்டும் 1200 காட்டினால், அந்த ஒரு செல்தான் மொத்தப் பேட்டரியின் நேரத்தையும் முடிவு செய்யும். அது முதலில் காலியாகி வோல்ட்டை இழுத்துவிட, மற்ற ஐந்திலும் சார்ஜ் மீதமிருக்கும்போதே இன்வெர்ட்டர் அணைந்துவிடும். அத்தையின் பேட்டரியில் எல்லாம் 1230-க்கும் 1240-க்கும் நடுவில் இருந்தன. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வோல்ட் மீட்டரை மட்டும் வைத்து முழு சார்ஜ் என்று முடிவு செய்ய வேண்டாம். ஓய்வில் இருக்கும் கார் பேட்டரி முழு சார்ஜில் 12.7 காட்டும். 1240 கிராவிட்டி உள்ள ட்யூபுலர், நலமாக இருந்தாலும் ஓய்வில் 12.5 பக்கம்தான் காட்டும். கார் பேட்டரி அட்டவணையைப் பார்த்துவிட்டு, நல்ல பேட்டரியைக் குறை சார்ஜ் என்று நினைத்து மாற்றியவர்கள் உண்டு.

அடுத்து ஓட்டம். மெயினிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் ஸ்விட்சை அணையுங்கள். படி 1-இல் அளந்த அதே லோடைப் போட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இன்வெர்ட்டர் தானாக அணையும் வரை விட்டுவிட்டு, அணைந்த நேரத்தைக் குறியுங்கள். பெரும்பாலானவை 10.5 வோல்ட்டுக்கு அருகில் அணையும். அணைந்த உடனே மெயினைப் போட்டுவிட வேண்டும். காலியான பேட்டரியை இரண்டு நாள் அப்படியே கிடத்தினால் தகட்டில் சல்பேட் இறுகி, சோதனையே கேடாகிவிடும். வருடத்துக்கு ஒரு முறை இப்படி முழுக்கக் காலி செய்து உடனே ஏற்றுவதால் பெரிய தேய்மானம் இல்லை. மறுநாள் ஷட் டவுன் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள், திரும்ப ஏறுவதற்கு பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அத்தை வீட்டில் பின்கட்டு லைட்டை அணைத்துவிட்டு, 189 வாட்டில் ஓட்டினோம். காலை 8:10-க்குத் தொடங்கியது மதியம் 1 மணிக்கு நின்றது. 4 மணி 50 நிமிடம். 19.8 ஆம்பியரோடு பெருக்கினால் 96 ஏ.ஹெச். புதிதாக இருந்தபோது 123 தந்திருக்க வேண்டியது இப்போது 96 தருகிறது, அதாவது 78 சதவீதம். மூன்றரை வருடப் பேட்டரிக்கு இது நோயில்லை, வயது.

இந்த 78-தான் அத்தையின் பேட்டரியின் சொந்த எண். இனி எந்த லோடுக்குக் கணக்குப் போட்டாலும் படி 3-இல் வரும் ஏ.ஹெச்.சை இதனால் பெருக்கிக்கொள்ளலாம். கணக்கு சரியா என்று பார்க்க, அன்றைக்கு நின்றுபோன சம்பவத்தையே போட்டுப் பார்த்தேன். 245 வாட்டுக்கு 25 ஆம்பியர். அந்த வேகத்தில் புதுப் பேட்டரி 118 தரும், அதில் 78 சதவீதம் ஏறக்குறைய 92. அதை 25-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 மணி 40 நிமிடம். 9 மணிக்குத் தொடங்கி பன்னிரண்டரைக்கு நின்றது எப்படி என்பது அத்தைக்கும் புரிந்தது, எனக்கும் திருப்தியாக இருந்தது.

இந்தப் படியில் 50 சதவீதத்துக்குக் கீழே வந்தால், முதலில் டெர்மினலைப் பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, போல்ட் தளர்ந்து, ஓடும்போது தொட்டால் சுட்டால், வோல்ட் அங்கேயே விழுகிறது என்று அர்த்தம். இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுக் கழற்றி, வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் எண் ஏறாமல், ஒரு செல் மட்டும் பின்தங்கினால் பேட்டரிக்கு மாற்றுப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

படி 5: எட்டு மணி நேரத்துக்கு லோடைப் பொருத்துவது

இனி கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். எவ்வளவு நேரம் வரும் என்று கேட்பதை விட்டு, எட்டு மணி நேரம் வர எவ்வளவு இழுக்கலாம் என்று கேட்க வேண்டும். அத்தையின் பேட்டரி இப்போது மெதுவாக இழுத்தால் 100 ஏ.ஹெச்.சைக் கொஞ்சம் தாண்டும். நான் 100-க்கு மேல் நம்பமாட்டேன், அதிலும் பத்தை ஒதுக்கி வைப்பேன். 90-ஐ எட்டால் வகுத்தால் 11 ஆம்பியர். படி 2-இன் வாய்பாட்டைப் பின்னாலிருந்து போட்டால் அது நூறு வாட்.

நூறு வாட்டுக்குள் அந்த வீட்டில் என்ன ஓட்டலாம்? ஒரு சாதாரண ஃபேன், ஒரு 9 வாட் பல்பு, ரௌட்டர். 94 வாட், தாராளமாக எட்டு மணி நேரம். செலவே இல்லாத வழி இதுதான். மாமாவும் அத்தையும் ஒரே அறையில் இருந்துவிட்டால் போதும். “அவர் ஹாலை விட்டு எந்திரிக்க மாட்டாரு, எனக்கு அடுப்படியில வேலை” என்றார் அத்தை. அதுவும் நியாயம்.

அதனால் ஹாலில் ஒரு பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கி மாட்டினோம். முழு வேகத்திலும் 30 வாட்டைச் சுற்றித்தான் இழுக்கிறது. மீட்டரில் எண்ணிப் பார்த்தேன், பெட்டியில் எழுதியிருந்ததற்குச் சரியாகவே வந்தது. அதற்குத் தனி ரெகுலேட்டர் கூடாது. பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபேனின் உள்ளே இருக்கும் சர்க்யூட் கெடும். பின்கட்டில் சோக் பட்டியை எடுத்துவிட்டு ஒரு 9 வாட் பல்பு மாட்டினோம்.

ஹால் ஃபேன், ஒரு பல்பு, ரௌட்டர் மூன்றும் சேர்ந்து 49 வாட், பேட்டரியிலிருந்து 6 ஆம்பியர். அத்தை சமைக்கும் நேரத்தில் சாதாரண ஃபேனும் சேர்ந்தால் 13.4 ஆம்பியர். எட்டு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் இரண்டு ஃபேனும், ஐந்து மணி நேரம் ஹால் ஃபேன் மட்டும் என்று வைத்தால் 40-உம் 30-உம் சேர்த்து 70 ஏ.ஹெச். 90-க்குள் அடங்குகிறது. இப்படி மணிக்கணக்கில் பிரித்துக் கூட்டுவது எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

முந்தின நாள் இரவே கரண்ட் போயிருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. 12 ஆம்பியரில் ஏற்றும் இன்வெர்ட்டர், 60 ஏ.ஹெச். போன பேட்டரியை நிரப்ப ஆறு மணி நேரமாவது எடுக்கும். கடைசிப் பங்கு மெதுவாக ஏறும் என்பதால் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்காட்டில் கணக்கு எப்படி மாறும்

என் அக்கா ஏற்காட்டில் இருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்தால் அங்கே ஒரு இரவு முழுக்க, சில சமயம் மறுநாளும் கரண்ட் வராது. ஃபேன் கவலை இல்லை. நான்கு எல்.இ.டி. பல்பும் ரௌட்டரும்தான், 46 வாட். கணக்குப் போட்டால் 5.8 ஆம்பியர் வரும். அதில் இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்கு மட்டும் 1.25 ஆம்பியர். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஒரு விளக்கும் எரியாமலே போகிறது. எல்லோரும் தூங்கிய பிறகு இன்வெர்ட்டரையே அணைத்துவிட்டால் எட்டு மணி நேரத்தில் 10 ஏ.ஹெச். மிச்சம், மறுநாள் மாலை இரண்டு மணி நேர வெளிச்சத்துக்கு ஆகும். எழுந்தால் டார்ச் லைட் பக்கத்தில் இருக்கட்டும்.

மலையில் இன்னொன்று, குளிர். மார்கழி இரவில் 12 டிகிரிக்கு இறங்கினால் பேட்டரி தருவதில் பத்து சதவீதம் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோமீட்டரும் அந்தக் குளிரில் பத்துப் புள்ளி கூடுதலாகக் காட்டும். 1240 என்று காட்டினால் அதை 1230 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே சேலத்தில் அதே பேட்டரிக்கு இந்தக் கழிவு வேண்டாம், ஆனால் வெயில் காலத்தில் மாதம் ஒரு முறை தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். குளிர் இன்றைய நேரத்தைக் குறைக்கும், வெயில் ஆயுளைக் குறைக்கும்.

இன்வெர்ட்டர் மேல் ஒட்டிய தாள்

கணக்கு முடிந்ததும் அத்தை வீட்டு இன்வெர்ட்டர் மூடியில் ஒரு தாளை ஒட்டினேன். “ஹால் ஃபேன், ஒரு பல்பு: பதினைந்து மணி நேரம். இரண்டு ஃபேனும் ஒரு பல்பும்: ஆறரை மணி நேரம். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் போடக் கூடாது. மறுபடி அளக்க வேண்டியது அடுத்த சித்திரை.” கீழே 78 என்று எழுதி வட்டமிட்டேன்.

வைகாசியில் மறுபடி ஷட் டவுன் வந்தது. அன்று மாலை நாலரைக்கு நான் போனபோது மாமா ஹாலில் ஃபேனுக்கு அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மல்டிமீட்டரை டெர்மினலில் வைத்துப் பார்த்தேன். லோடு ஓடும்போதே 11.8 காட்டியது. அத்தை தாளில் அன்றைய தேதியைப் போட்டு, பக்கத்தில் “நின்னுது” என்று எழுதியிருந்தார். “அணைஞ்சு போனதா அத்தை?” என்று பதறிக் கேட்டேன். “இல்ல கண்ணு, தாக்குப் பிடிச்சு நின்னுதுன்னு எழுதினேன்” என்றார்.